ஒரே ஒரு சேலை, இரண்டு ஆர்டர்: தனியாள் இணையக் கடைக்கு எந்த ஏற்பாடு?

பெங்களூரு அல்சூரில் வீட்டின் முன்னறையிலிருந்து நான் நடத்தும் இணையக் கடையில் பருத்திச் சேலைகள் விற்கிறேன். காரைக்குடிப் பக்கமிருந்து வரும் கண்டாங்கிச் சேலைகளில் பாதிக்கு மேல், ஒரு நிறச் சேர்க்கைக்கு ஒன்று என்ற கணக்கில்தான் கையில் இருக்கும். நாளொன்றுக்கு ஆறேழு ஆர்டர் வரும். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் முப்பதைத் தொடும். படம் எடுப்பது, மடிப்பது, பார்சல் கட்டுவது, பில் போடுவது, வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது ஆகிய எல்லாம் நான் ஒருத்தியே செய்பவை. ஸ்ரீராமபுரத்தில் பருப்புப் பொடியும் வடகமும் விற்கும் அக்கா ஒருவர், ஆர்டர் மின்னஞ்சல், இன்வாய்ஸ், இருப்புக் கணக்கு ஆகிய மூன்றையும் எந்த ஏற்பாட்டில் வைத்துக்கொள்வது என்று கேட்டபோது, எனக்குப் பொருந்தியது அவருக்குப் பொருந்தாது என்பதைச் சொல்லவே வெகுநேரம் ஆயிற்று. அவரிடம் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நான் ஒப்பிடும் ஏற்பாடுகள் மூன்று. முதலாவது, கூகுள் படிவத்தில் ஆர்டர் வாங்கி, கூகுள் ஷீட்டில் இருப்பையும் பில்லையும் வைத்து, ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கூகுளின் நிரல் வசதி மூலம் மின்னஞ்சல் அனுப்புவது. இரண்டாவது, சொந்த வேர்ட்பிரஸ் தளத்தில் ஊகாமர்ஸ் என்ற கடை பிளகினை நிறுவிக்கொள்வது. மூன்றாவது, ஷாப்பிஃபை போல மாத வாடகைக்குக் கிடைக்கும் ஆயத்தக் கடை. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மின்னஞ்சலின் அழகையும் மாத வாடகையையும் முதலில் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு கணங்களை: இருப்பிலிருந்து ஒன்று குறைவது எந்தக் கணத்தில், இன்வாய்ஸ் எண் பிறப்பது எந்தக் கணத்தில் என்பவற்றை. மற்றவற்றையெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலையை எடுத்துக்கொள்வோம். அரக்குச் சிவப்பில் மாம்பழ மஞ்சள் கரையிட்ட சேலை ஒன்றே ஒன்று இருக்கிறது. விலை வரியுடன் சேர்த்து 1,890 ரூபாய். சென்னையில் ஒருவரும் வைட்ஃபீல்டில் ஒருவரும் ஒரு நிமிட இடைவெளிக்குள் அதை வாங்க முயல்கிறார்கள்.

ஷீட் முறையில் இருவரின் படிவமும் உள்ளே வந்துவிடும், ஏனென்றால் சரக்கு தீர்ந்தது படிவத்துக்குத் தெரியாது. படிவம் வந்தவுடன் ஓடும் ஸ்கிரிப்ட் இருப்பைப் படித்து, ஒன்று இருக்கிறது என்று கண்டு, குறைத்து, உறுதி மின்னஞ்சல் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு ஓட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டுமே ‘ஒன்று இருக்கிறது’ என்றுதான் படிக்கும். இதைத் தடுக்க, ஒரு நேரத்தில் ஓர் ஓட்டத்தை மட்டும் அனுமதிக்கும் பூட்டு ஒன்று தேவை. அதோடு, இருப்பு என்ற எண்ணின்மேல் புதிய எண்ணை எழுதிக்கொண்டே போவதைவிட, வரவு செலவுகளைத் தனித் தாளில் ஒவ்வொரு வரியாகச் சேர்த்து, இருப்பைக் கூட்டலாகப் பெறுவது நல்லது. `Stock` தாளின் முதல் நிரலில் `sku` என்னும் பொருள் குறியீடும் இரண்டாம் நிரலில் `=SUMIFS(Moves!C:C, Moves!B:B, A2)` என்ற சூத்திரமும் இருந்தால், நெசவாளரிடமிருந்து வந்த பத்தும், விற்ற ஒன்றும், திரும்பி வந்த ஒன்றும் `Moves` தாளில் தேதியோடு நிற்கும். கணக்கு இடித்தால் எந்த வரியில் இடிக்கிறது என்று தேடிப் பிடிக்கலாம். குறைக்கும் வேலையை இப்படி எழுதலாம்:

```javascript
function reserve(sku, qty, orderId) {
  const lock = LockService.getScriptLock();
  lock.waitLock(20000);
  try {
    const ss = SpreadsheetApp.getActive();
    const row = ss.getSheetByName('Stock')
      .getDataRange().getValues().find(r => r[0] === sku);
    if (!row || row[1] < qty) return false;
    ss.getSheetByName('Moves')
      .appendRow([new Date(), sku, -qty, orderId]);
    SpreadsheetApp.flush();
    return true;
  } finally {
    lock.releaseLock();
  }
}
```

`waitLock(20000)` என்பது முந்தைய ஓட்டம் முடியும்வரை அதிகபட்சம் இருபது நொடி காத்திருக்கச் சொல்கிறது. `false` திரும்பி வந்தால் உறுதி மின்னஞ்சலுக்குப் பதில் ‘தீர்ந்துவிட்டது’ என்ற மின்னஞ்சல் போக வேண்டும். இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஷீட் முறையில் பெரிய ஓட்டை ஒன்று மிஞ்சுகிறது. பணம் வந்ததா என்பது ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. யூபிஐ செலுத்திய ஸ்கிரீன்ஷாட்டை வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்ப, அதை நான் வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் சேலை அவருடையது என்று சொல்ல முடியும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிப் பார்சல் கட்டுவது அபாயம். அதற்குள் பணம் கட்டாத ஒருவருக்காக அந்த ஒற்றைச் சேலை பூட்டிக் கிடக்கும்.

ஊகாமர்ஸில் இந்த இடம் யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது. ஆர்டர் `Pending payment` நிலையில் இருக்கும்போது இருப்பு குறைவதில்லை. ஆனால் `Hold stock (minutes)` என்ற அமைப்பில் குறித்த நேரம்வரை அந்தச் சரக்கை வேறொருவர் வாங்க முடியாதபடி அது ஒதுக்கி வைக்கிறது. பணம் வந்து ஆர்டர் `Processing` ஆனதும் இருப்பு உண்மையாகவே குறைகிறது, வாடிக்கையாளருக்கு உறுதி மின்னஞ்சல் போகிறது. எதையும் மாற்றாமல் விட்டால் இந்த நேரம் 60 நிமிடம். ஒற்றைச் சேலை விற்கும் எனக்கு ஒரு மணி நேரம் மிக அதிகம்; யாரோ பாதியில் விட்டுப்போன ஆர்டருக்காக இன்னொருவர் திரும்பிப் போய்விடுவார். ஆகவே 20 நிமிடமாக்கினேன். இதற்கும் ஒரு விலை உண்டு. யூபிஐ பரிவர்த்தனை சில நேரம் நிலுவையில் தொங்கி, தாமதமாகவே வெற்றி என்று வரும். அதற்குள் ஒதுக்கிய நேரம் கடந்து ஆர்டர் தானாக ரத்தாகி, சேலை வேறொருவர் கைக்குப் போயிருந்தால், பணத்தைத் திருப்பி அனுப்பி மன்னிப்புக் கேட்பதைத் தவிர வழியில்லை. ரத்தான ஆர்டர்களையும் பேமென்ட் கேட்வேயின் அன்றைய பட்டியலையும் இரவில் ஒரு முறை ஒத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்; ஐந்து நிமிட வேலை.

ஆயத்தக் கடையிலும் பணம் கட்டி முடித்தவருக்கே சரக்கு என்ற ஒழுங்கு உள்ளேயே அமைந்திருக்கிறது. அமைப்புகளில் கை வைக்கும் வேலை குறைவு, அதே அளவுக்குக் கை வைக்கும் உரிமையும் குறைவு.

இனி இன்வாய்ஸ். தனியாள் கடைகளில் அதிகம் குழம்பும் இடம் இதுதான். ஆர்டர் உறுதியும் இன்வாய்ஸும் ஒன்று என்ற எண்ணத்தில், ஆர்டர் விழுந்த நொடியிலேயே இன்வாய்ஸை இணைத்து அனுப்பும் வசதியைப் பலரும் இயக்கி வைத்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. பொருளுக்கான வரி இன்வாய்ஸை, பொருள் கடையை விட்டுப் புறப்படும் வேளையிலோ அதற்கு முன்போ கொடுத்தால் போதும். பொருளுக்கு முன்பணம் வாங்கியதற்காக வரி கட்ட வேண்டியதில்லை என்ற ஏற்பாடு 2017 நவம்பரிலேயே வந்துவிட்டது. எனவே வெள்ளிக்கிழமை இரவு வந்த ஆர்டருக்குச் சனிக்கிழமை காலை பார்சல் கட்டும்போது இன்வாய்ஸ் போடுவதே சரி. இடையில் வாடிக்கையாளர் மனம் மாறி ரத்து செய்தால், எண் எதுவும் வீணாகாது. முன்கூட்டியே போட்டிருந்தால் அந்த எண்ணை ரத்து செய்யவோ, கிரெடிட் நோட் எழுதவோ வேண்டியிருக்கும்.

எண் வீணாவது ஏன் பெரிய விஷயம்? ஜி.எஸ்.டி. விதி 46-இன்படி இன்வாய்ஸ் எண் தொடர் வரிசையாக, 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் தவிரக் கோடும் சாய்கோடும் வரலாம். `BLR/25-26/0147` என்ற என் வடிவத்தில் 14 எழுத்துகள் இருக்கின்றன. விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 13-ஆம் அட்டவணையில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுத்தீர்கள், அவற்றுள் ரத்தானவை எத்தனை என்று கேட்கிறார்கள். ஊகாமர்ஸின் ஆர்டர் எண்ணை அப்படியே இன்வாய்ஸ் எண்ணாக வைத்தால் 3182-க்கு அடுத்து 3190, அதற்கடுத்து 3197 என்று தாவும். ஏனென்றால் தளத்தில் ஏற்றும் படங்களும் பக்கங்களும்கூட அதே எண் வரிசையில் பங்கு கேட்கின்றன. தொடக்கத்தில் இது எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதக் கணக்கைப் பார்த்த ஆடிட்டர், ‘நடுவில் உள்ள பில்லெல்லாம் எங்கேம்மா?’ என்று கேட்டபோதுதான் புரிந்தது. ஷாப்பிஃபையில் ஆர்டர் எண் `#1001`-இல் தொடங்கி ஒழுங்காகவே ஏறும். ஆனால் அனுப்பாமலே ரத்தான ஆர்டர்களும் அந்த எண்களைத் தின்றிருக்கும். ஆகவே இரண்டிலும் இன்வாய்ஸுக்கென்று தனி வரிசை கொடுக்கும் பிளகினோ செயலியோ சேர்த்துத்தான் ஆக வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் ஷீட் முந்துகிறது: பார்சல் கட்டும்போது ஒரு வரி, அதற்கு அடுத்த எண், அவ்வளவுதான்.

வரி எந்தத் தலைப்பில் போக வேண்டும் என்பதிலும் மூன்றுக்கும் வேறுபாடு இருக்கிறது. பருத்திச் சேலைக்கு வரி 5 விழுக்காடு என்பதால், 1,890 ரூபாயில் சேலையின் மதிப்பு 1,800, வரி 90. சென்னைக்காரர் வாங்கினால் அந்த 90-உம் மாநிலங்களுக்கிடையிலான விற்பனைக்குரிய ஐ.ஜி.எஸ்.டி.; வைட்ஃபீல்டுக்காரர் தம் வீட்டுக்கே வாங்கினால் மத்திய அரசுக்கான சி.ஜி.எஸ்.டி. 45, மாநில அரசுக்கான எஸ்.ஜி.எஸ்.டி. 45. இதுவரை எளிது. வைட்ஃபீல்டுக்காரர் மதுரையிலிருக்கும் தம் அம்மாவுக்கு அனுப்பச் சொன்னால்? பில் முகவரி கர்நாடகம், சேலை இறங்குமிடம் தமிழ்நாடு. ஜி.எஸ்.டி. பதிவில்லாத வாடிக்கையாளருக்கு இணையத்தில் விற்கும்போது, இன்வாய்ஸில் பதிவாகும் டெலிவரி முகவரியின் மாநிலமே கணக்கில் வரும் என்று 2024 ஜூனில் வந்த சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே இதுவும் ஐ.ஜி.எஸ்.டி.தான். பெங்களூருவில் சம்பாதித்து ஊரிலுள்ளவர்களுக்கு வாங்கி அனுப்பும் தமிழர்களே என் வாடிக்கையாளரில் பெரும்பகுதி என்பதால், இது அபூர்வமான நிலை இல்லை. வாரத்துக்கு நான்கைந்து வரும். ஊகாமர்ஸில் `Calculate tax based on` என்ற இடத்தில் `Customer shipping address` என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஷீட்டில் நாமே டெலிவரி மாநிலத்துக்கென்று தனி நிரல் வைத்து அதைக் கொண்டு கணக்கிட வேண்டும். படிவத்தில் ‘முகவரி’ என்று ஒரே பெட்டி வைத்திருப்பவர்கள் இதில் கட்டாயம் இடறுவார்கள். தவறான தலைப்பில் கட்டிவிட்டால் பணம் போய்விடாது; ஆனால் சரியான தலைப்பில் மீண்டும் கட்டி, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்கும் அலைச்சல் 90 ரூபாய்க்குத் தகுந்தது அல்ல.

வேறு மாநிலத்துக்கு வரிக்குரிய பொருளை விற்பவருக்கு விற்றுமுதல் வரம்பு எதுவும் உதவாது, சில கைவினைப் பொருள்களுக்கான சலுகை நீங்கலாக, முதல் விற்பனையிலிருந்தே பதிவு வேண்டும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ‘நாற்பது லட்சம் வரை கவலை இல்லை’ என்ற அறிவுரை உள்மாநில விற்பனைக்கு மட்டும் உரியது.

மின்னஞ்சல் விஷயத்தில் ஆயத்தக் கடைக்குத்தான் என் முதல் இடம். ஆர்டர் உறுதி அவர்களுடைய சர்வரிலிருந்து போகிறது. நம் முகவரியிலிருந்து போவதாகக் காட்ட விரும்பினால் டொமைனை அவர்களிடம் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. ஷீட் முறையில் சாதாரண ஜிமெயில் கணக்குக்கு `MailApp` மூலம் நாளொன்றுக்கு 100 பெறுநர் வரை அனுப்பலாம். ஆறேழு ஆர்டருக்கு இது தாராளம். ஆனால் ஒவ்வொரு மின்னஞ்சலின் பிரதியையும் தமக்கே அனுப்பிக்கொள்பவர்களுக்கு அதுவும் ஒரு பெறுநராக எண்ணப்படும். ஆர்டர் உறுதி, அனுப்பிய தகவல் என்று ஆர்டருக்கு இரண்டு மின்னஞ்சல் வைத்தால் தீபாவளி வாரத்தில் 25 ஆர்டரிலேயே வரம்பு முடிந்துவிடும். `MailApp.getRemainingDailyQuota()` மீதியைச் சொல்லும்.

ஊகாமர்ஸில் மின்னஞ்சல்தான் பலவீனமான பகுதி. எதுவும் செய்யாமல் விட்டால், தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் சர்வரே மின்னஞ்சலை அனுப்பும். அதே சர்வரில் இருக்கும் முகம் தெரியாத தளங்களின் கெட்ட பெயரும் நம் மின்னஞ்சலின் தலையில் விழும். எஸ்.எம்.டி.பி. பிளகின் ஒன்றைப் போட்டு, மின்னஞ்சல் அனுப்பவென்றே இருக்கும் சேவை ஒன்றின் வழியாக அனுப்புவதே வழி. நானும் அப்படிச் செய்தேன். செய்த பிறகும் இரண்டு வாரம் என் உறுதி மின்னஞ்சல்கள் ஸ்பேமில் விழுந்தன. ‘ஆர்டர் போட்டேன், பதிலே இல்லையே’ என்று வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளால்தான் தெரிந்தது. ஸ்பேமில் கிடந்த ஒன்றை ஜிமெயிலில் திறந்து `Show original` அழுத்தியபோது, நம் டொமைன் பெயரில் அனுப்ப அந்தச் சர்வருக்கு அனுமதி உண்டா என்று சோதிக்கும் `SPF` என்ற வரிக்கு எதிரே `PASS` இல்லை. டொமைனின் டி.என்.எஸ். பதிவுகளில் பழைய மின்னஞ்சலுக்காக `v=spf1` என்று தொடங்கும் பதிவு ஒன்று ஏற்கெனவே இருக்க, புதிய சேவை சொன்னபடி இன்னொன்றையும் சேர்த்திருந்தேன். ஒரு டொமைனுக்கு அத்தகைய பதிவு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகிவிடும். இரண்டின் `include:` பகுதிகளையும் ஒரே வரியில் சேர்த்த மறுநாளிலிருந்து மின்னஞ்சல்கள் இன்பாக்ஸுக்குப் போயின.

இருப்புக் கணக்கு பிசகுவது மென்பொருளால் அல்ல, பக்கவாசலால் என்பது என் அனுபவம். ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மென்ட் ஒன்றில் ஸ்டால் போட்டு எட்டுச் சேலை விற்றேன். வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் ஒருவர் ஒன்று எடுத்துவைக்கச் சொன்னார். இவை எதுவும் தளத்தின் வழியே வரவில்லை. ஊகாமர்ஸிலும் ஆயத்தக் கடையிலும் இவற்றைக் கையால் ஆர்டராகப் பதிய முடியும். ஷீட்டில் `Moves` தாளில் ஒரு வரி. எதுவானாலும் சேலை கையை விட்டுப் போகும் முன் கைப்பேசியில் பதிவதுதான் விதி, வீட்டுக்கு வந்து பதியலாம் என்றால் மறந்துவிடும். ஸ்டாலுக்கு எடுத்துப்போகும் ஒற்றைச் சேலைகளைச் சனிக்கிழமை இரவே தளத்தில் மறைத்துவிடுகிறேன்.

எண்ணிப் பார்க்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. ஊகாமர்ஸ் பணம் வந்தவுடனே குறைத்துவிடுவதால், அது காட்டும் எண் விற்கக் கிடைக்கும் எண்ணிக்கைதான், அலமாரியில் இருக்கும் எண்ணிக்கை அன்று. அலமாரியில் நீல ரவிக்கைத்துணி 14 இருக்க, திரை 11 காட்டினால், இன்னும் அனுப்பாத ஆர்டர்களில் 3 இருக்கின்றனவா என்று பார்க்காமல் 14 என்று திருத்திவிடக் கூடாது; திருத்தினால் இல்லாத மூன்றை விற்பீர்கள். ஷாப்பிஃபை `On hand`, `Committed`, `Available` என்று தனித்தனி நிரலாகவே பிரித்துக் காட்டுவதால் இந்தத் தவறு அங்கே நேர்வது கடினம். திரும்பி வந்த சரக்கிலும் கவனம் வேண்டும். ஊகாமர்ஸில் பணம் திருப்பும் திரையில் `Restock refunded items` என்ற கட்டம் முன்னதாகவே தேர்வாகி இருக்கும். மஞ்சள் கறையோடு வந்த சேலை ஒன்று, நான் பிரித்துப் பார்ப்பதற்குள் மீண்டும் விற்பனைக்குப் போய்விட்டது. சேலையை விரித்துப் பார்த்த பிறகே இருப்பில் சேர்க்கிறேன்.

ஆக, ஒற்றைப் பொருள் விற்கும் எனக்கு ஊகாமர்ஸ்தான் பொருந்துகிறது: ஒதுக்கும் நேரத்தை நானே குறிக்க முடிவதும், இன்வாய்ஸைப் பார்சல் கட்டும் வேளைக்குத் தள்ளிவைக்க முடிவதும் காரணம். மாதம் ஒரு மாலையைப் புதுப்பிப்புகளுக்கும் பிரதி எடுப்பதற்கும் ஒதுக்க முடியாதவர் இதைத் தொட வேண்டாம். அவருக்கு ஆயத்தக் கடைதான், வாடகையைக் கூலி என்று எண்ணிக்கொள்ளலாம். ஸ்ரீராமபுரத்து அக்காவிடம் பொடி வகை ஒவ்வொன்றிலும் நாற்பது ஐம்பது பாக்கெட் இருக்கும். நாளொன்றுக்கு நான்கு ஆர்டர். ஒன்று கூடுதலாக விற்றாலும் மறுநாள் அரைத்துவிடுவார். அவருக்கு ஷீட்டே போதும் என்று சொல்லி, படிவத்திலிருந்த ஒற்றை முகவரிப் பெட்டியைப் பில் முகவரி, டெலிவரி முகவரி, டெலிவரி மாநிலம் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அவருடைய ஆர்டர் நாளொன்றுக்குப் பதினைந்தைத் தாண்டி, யூபிஐ ஸ்கிரீன்ஷாட்டை வங்கியோடு ஒத்துப் பார்ப்பதே அரை நாளாகும்போது மறுபடி பேசுவதாக ஏற்பாடு.